சூடான காற்றில் தொங்கும் தண்ணீர்த் துளி: விட்டம் நேர்கோடாகக் குறையவில்லை, விட்டத்தின் வர்க்கம் குறைகிறது. ஏன்?

கோவை_மாணவி
வணக்கம். எம்.இ. ப்ராஜெக்டுக்காக ஒரு சின்ன ஃபர்னஸ் உள்ளே கண்ணாடி இழையின் நுனியில் ஒரு தண்ணீர்த் துளியைத் தொங்கவிட்டு வீடியோ எடுக்கிறேன். உள்ளே காற்று 200 டிகிரி செல்சியஸ். ஃபேன் எதுவும் இல்லை. இழையின் தடிமன் 0.25 மி.மீ. துளி முதலில் 1.2 மி.மீ. விட்டம். கிடைத்த எண்கள் இவை:

```
t (s)   d (mm)   d² (mm²)
 0      1.20     1.44
10      1.13     1.27
20      1.00     1.00
30      0.86     0.74
40      0.71     0.50
50      0.53     0.28
60      0.27     0.07
```

வினாடிக்கு இவ்வளவு என்று விட்டம் சமமாகக் குறையும் என்று நினைத்தேன். ஆனால் முதல் 10 வினாடியில் 0.07 மட்டும் குறைகிறது, கடைசி 10 வினாடியில் 0.26 குறைகிறது. வர்க்கத்தைப் போட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட நேர்கோடு. கைடு "அது d² விதி, அப்படித்தான் வரும்" என்று சொல்லிவிட்டார். சமன்பாட்டை எழுத எனக்குத் தெரியும். துளிக்கு ஏன் அப்படி நடக்கிறது என்பதுதான் புரியவில்லை. இன்னொன்று: ஸ்லோப் 0.025 மி.மீ²/வினாடி வருகிறது, கணக்குப் போட்டால் 0.016 தான் வருகிறது.

பம்ப்_செட்
உங்கள் அளவீட்டில்தான் தவறு இருக்கும் என்று தோன்றுகிறது. ஆவியாதல் மேற்பரப்பில் நடப்பது. பரப்பு இரண்டு மடங்கானால் ஆவியும் இரண்டு மடங்கு. ஈரத் துணியை விரித்துப் போட்டால் சீக்கிரம் காய்வது இதனால்தான். அப்படியானால் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் ஒரே வேகத்தில் தண்ணீரை இழக்க வேண்டும், மேல்தோல் ஒரே வேகத்தில் உரிய வேண்டும், விட்டம் நேர்கோடாகக் குறைய வேண்டும். கடைசியில் வேகம் கூடுவது கேமராவின் பிக்சல் பிரச்சினையாக இருக்கலாம்.

வெப்பக்கணக்கு
பம்ப்_செட் அண்ணா சொல்லும் தர்க்கத்தில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. "ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் ஒரே வேகத்தில் இழக்கும்" என்பது, ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் ஒரே அளவு வெப்பம் வந்து சேர்ந்தால்தான் உண்மை. உருண்டைக்கு அப்படி வருவதில்லை.

துளியைச் சுற்றி அசையாத காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொலைவில் 200 டிகிரி. துளியின் தோலில் அதைவிட மிகக் குறைவு. வெப்பம் காற்றின் வழியாக உள்ளே கசிந்து வர வேண்டும். துளியைச் சுற்றி வெங்காயத் தோல்கள் மாதிரி காற்று அடுக்குகளைக் கற்பனை செய்யுங்கள். ஒவ்வொரு தோலையும் ஒரே அளவு வெப்பம் கடக்கிறது. வெளித்தோல் பெரியது, அதனால் அங்கே சுலபமாகக் கடந்துவிடும், வெப்பநிலை கொஞ்சம்தான் இறங்கும். துளியை நெருங்க நெருங்கத் தோல் சிறியதாகிறது, நெரிசல், வெப்பநிலை மளமளவென்று இறங்குகிறது. கணக்குப் போட்டால், மொத்த இறக்கத்தில் சரிபாதி துளியின் தோலிலிருந்து ஒரே ஒரு ஆரத் தூரத்துக்குள் நடந்துவிடும். 0.6 மி.மீ. ஆரமுள்ள துளிக்கு அந்தக் காற்றுப் போர்வையின் தடிமன் 0.6 மி.மீ. துளி 0.3 மி.மீ. ஆரத்துக்குச் சுருங்கினால் போர்வையும் 0.3 ஆகிவிடும். போர்வை துளியின் அளவுக்கே தைக்கப்படுகிறது.

ஆக, துளி சிறுத்தால் பரப்பு r² கணக்கில் குறைகிறது. ஆனால் போர்வை மெலிவதால் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் வரும் வெப்பம் 1/r கணக்கில் கூடுகிறது. இரண்டையும் பெருக்கினால் r மட்டும் மிஞ்சும். வினாடிக்கு ஆவியாகும் தண்ணீர் பரப்பைப் பொறுத்து மாறுவதில்லை, ஆரத்தைப் பொறுத்துத்தான் மாறுகிறது.

இதற்குப் பிறகு விஷயம் சுலபம். r அளவு தண்ணீரை r² பரப்பிலிருந்து உரிக்கிறோம், எனவே தோல் உரியும் வேகம் 1/r. வேகத்தையும் ஆரத்தையும் பெருக்கினால் எப்போதும் ஒரே எண். அதைத்தான் d² நேர்கோடாகக் குறைகிறது என்கிறோம். துளியின் மேற்பரப்பு வினாடிக்கு இத்தனை சதுர மில்லிமீட்டர் என்று சமமாகக் கழிகிறது என்று சொன்னாலும் அதே பொருள்தான்.

பம்ப்_செட்
போர்வை உடனுக்குடன் மெலியும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? துளி சுருங்கும்போது பழைய தடிமனான போர்வை அப்படியே நிற்காதா?

வெப்பக்கணக்கு
முக்கியமான கேள்வி. விதி முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. காற்றும் ஆவியும் தங்களைச் சரிசெய்துகொள்ள ஆகும் நேரம், ஆரத்தின் வர்க்கத்தைப் பரவல் திறனால் வகுத்தால் கிடைக்கும். 0.6 மி.மீ. ஆரத்துக்கு இது 10 மில்லிவினாடி அளவு. துளியின் ஆயுளோ 60 வினாடிக்கு மேல். துளி கண்ணுக்குத் தெரியாத அளவு சுருங்குவதற்குள் போர்வை பல தடவை தன்னை மாற்றிக்கொண்டிருக்கும். தண்ணீர் காற்றைவிட ஆயிரம் மடங்கு அடர்த்தி என்பதால்தான் இந்த வசதி. டீசல் என்ஜின் மாதிரி மிக உயர்ந்த அழுத்தத்தில் வாயுவின் அடர்த்தி திரவத்தை நெருங்கும்போது இந்த அனுமானம் ஆட்டம் காணும்.

இது புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. 1910இல் மோர்ஸ் என்பவர் சின்ன அயோடின் உருண்டைகளை நுண்தராசில் வைத்து எடை குறைவதை அளந்தார். அவருக்கும் எடையிழப்பு பரப்பைப் பொறுத்து வரவில்லை, ஆரத்தைப் பொறுத்து வந்தது. 1918இல் லாங்மியூர் அதை மேலே சொன்ன மாதிரி காற்றின் வழியான பரவலை வைத்து விளக்கினார். அங்கே வெப்பம் பிரச்சினை இல்லை, அயோடின் ஆவி வெளியே பரவுவதுதான் தடை. வடிவியல் ஒன்றேதான். எரியும் எரிபொருள் துளிகளுக்கு காட்சேவும் ஸ்பால்டிங்கும் 1953இல் இதே கணக்கை விரித்தார்கள்.

உங்கள் தர்க்கம் உண்மையாகும் இடம் ஒன்று இருக்கிறது. துளி ஒரு மைக்ரானுக்கும் நன்றாகக் கீழே போய், காற்று மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதும் இடைவெளி (சாதாரண நிலையில் 0.07 மைக்ரான் அளவு) அளவுக்கு வந்துவிட்டால் போர்வை என்ற ஒன்றே இருக்காது. மூலக்கூறுகள் நேராகத் தோலை வந்து முட்டும். அப்போது பரப்புதான் கணக்கு, விட்டம் நேர்கோடாகக் குறையும்.

தோசைக்கல்
தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் கல் மிதமான சூட்டில் இருக்கும்போது உடனே சுண்டிவிடுகிறது. நன்றாகக் காய்ந்த பிறகு தெளித்தால் துளி உருண்டு ஓடி நெடுநேரம் நிற்கிறது. அப்படியானால் 200 டிகிரியைவிட 300 டிகிரியில் இவர்களின் துளி அதிக நேரம் நிற்குமா?

வெப்பக்கணக்கு
நிற்காது, சீக்கிரமே தீரும். கல்லில் நடப்பது வேறு கதை. மிதமான சூட்டில் துளி கல்லைத் தொடுகிறது, இரும்பிலிருந்து நேராக வெப்பம் ஏறுகிறது. நன்றாகக் காய்ந்த கல்லில் துளிக்கு அடியில் ஆவிப்படலம் உண்டாகி அது தூக்கிப் பிடிக்கிறது, தொடர்பு அறுந்துபோகிறது, அதனால் ஆயுள் கூடுகிறது. தொங்கும் துளிக்குத் தொட்டு அறுந்துபோக எதுவும் இல்லை. அது முதலிலிருந்தே காற்றால்தான் சூழப்பட்டிருக்கிறது.

கோவை_மாணவி
போர்வை விளக்கம் புரிந்துவிட்டது, மிக்க நன்றி சார். என் கணக்கை எழுதுகிறேன், தவறைச் சொல்லுங்கள். சிறிய ஆவியாதலுக்கு, d² கோட்டின் ஸ்லோப் K-யின் சுருக்க வடிவம்:

K = 8 λ ΔT / (ρ L)

முதலில் துளி 100 டிகிரியில் கொதிக்கும் என்று எடுத்து ΔT = 100 போட்டேன். அப்புறம் துளிக்குள் தெர்மோகப்பிள் வைத்துப் பார்த்தால் 50 டிகிரியைத் தாண்டவே இல்லை! அதனால் ΔT = 150, காற்றின் வெப்பக் கடத்துதிறன் λ = 0.031 W/m·K, ρ = 988 kg/m³, L = 2.38 × 10⁶ J/kg. விடை 0.016 மி.மீ²/வினாடி. கைடு "λ-வை 200 டிகிரிக்கு எடு" என்றார். அப்படி எடுத்தாலும் 0.019 தான், 0.025 வரவில்லை.

வெப்பக்கணக்கு
கணக்கு சரி. 50 டிகிரி என்பதும் சரி. ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் எப்படிக் குறைவாகக் காட்டுகிறதோ அதே காரணம்தான். வந்து சேரும் வெப்பம் முழுவதும் ஆவியாக்கவே செலவாகும் ஒரு வெப்பநிலையில் துளி நின்றுவிடும். கொதிநிலைக்குப் போகத் தேவையில்லை. சாதாரண ஈரப்பதமுள்ள காற்றை 200 டிகிரிக்குச் சூடாக்கினால் அது 50-ஐ ஒட்டித்தான் வரும். ஆனால் தெர்மோகப்பிள் செருகிய துளியை d² அளவீட்டுக்கு எடுக்காதீர்கள். உலோகக் கம்பி வெப்பத்தை உள்ளே கொண்டுபோகும்.

λ-வை 100 டிகிரி அளவில் எடுத்திருக்கிறீர்கள். தோலின் வெப்பநிலையுடன் இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்து எடுப்பது வழக்கம். அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். 200 டிகிரிக்கு எடுப்பது சரியல்ல, ஏனென்றால் இறக்கத்தின் பெரும்பகுதி தோலுக்குப் பக்கத்தில் நடக்கிறது.

இப்போது உங்கள் எண்களையே பாருங்கள். 10 முதல் 20 வினாடிக்குள் d² 0.27 குறைகிறது. 40 முதல் 50 வினாடிக்குள் 0.22 தான். நேர்கோடு மாதிரித் தெரிந்தாலும் அது மெல்ல வளைகிறது. பெரிய துளியாக இருக்கும்போது கூடுதல் வேகம். இதுதான் 0.025-க்கான தடயம்.

இரண்டு சந்தேகங்கள். ஒன்று, இயற்கைச் சலனம். துளியைச் சுற்றிய குளிர்ந்த காற்று கனமாகிக் கீழே வழிகிறது, புதிய சூடான காற்று மேலிருந்து வருகிறது. போர்வையை யாரோ கீழே இழுத்துக்கொண்டே இருப்பது போல. 1.2 மி.மீ. துளிக்கு வழக்கமான சூத்திரத்தில் போட்டால் ஒன்றரை மடங்கு வேகம் வருகிறது. துளி சிறுத்தால் இந்த விளைவு தானாகத் தேயும். இரண்டு, ஃபர்னஸ் சுவரின் கதிர்வீச்சு. சுவரும் 200 டிகிரி என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 2,100 வாட் துளிக்குள் நிகரமாகப் போகிறது. 1.2 மி.மீ. துளிக்கு இது K-யில் 0.004 கூட்டும். கதிர்வீச்சுக்குப் போர்வை தெரியாது, பரப்பு மட்டும்தான் தெரியும். ஆக அதன் பங்கும் துளி சிறுத்தால் தேயும்.

0.016-ஐ ஒன்றரை மடங்காக்கினால் 0.024, அதோடு 0.004 சேர்த்தால் 0.028. உங்கள் ஆரம்ப ஸ்லோப் 0.027. என்னைக் கேட்டால் இது நல்ல பொருத்தம்.

பம்ப்_செட்
அப்படியானால் முதல் 10 வினாடியில் 0.17 மட்டும் ஏன்? அப்போதுதானே துளி மிகப் பெரியது?

வெப்பக்கணக்கு
அது சூடேறும் நேரம். துளி அறை வெப்பநிலையிலிருந்து 50-க்கு ஏற வேண்டும். அதுவரை வரும் வெப்பம் தண்ணீரைச் சூடாக்கவே போகிறது. இந்தத் துளிக்கு நான்கைந்து வினாடி ஆகலாம். தண்ணீர் விரிவடைவதால் துளி முதலில் ஒரு துளியளவு பெருக்கவும் செய்யும். அதனால் நேர்கோட்டைப் பொருத்தும்போது முதல் 10 வினாடியை விட்டுவிடுங்கள்.

பவுடர்_ஆபரேட்டர்
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் பால் பவுடர் ஸ்ப்ரே ட்ரையரில் வேலை செய்கிறவன். உள்ளே போகும் காற்று 190 டிகிரி, வெளியே வருவது 85. சில மாதங்களுக்கு முன் சேம்பர் சுவரில் ஈரப் பவுடர் ஒட்ட ஆரம்பித்தது. காற்றைக் கூட்டினோம், ஃபீடைக் குறைத்தோம், சரியாகவில்லை. கடைசியில் நாசிலைக் கழற்றிப் பார்த்தால் ஓட்டை தேய்ந்து பெரிதாகியிருந்தது. துளி கொஞ்சம் பெரிதானால் இவ்வளவு வித்தியாசம் வருமா என்று அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இந்த விதிப்படி 50 மைக்ரான் துளி காய எத்தனை வினாடி ஆகும்?

வெப்பக்கணக்கு
அண்ணா, மாணவி கணக்குப் போட்ட K = 0.016-ஐயே சும்மா எடுத்துக்கொண்டால் 50 மைக்ரான் தண்ணீர்த் துளி 0.16 வினாடியில் தீரும். 70 மைக்ரான் ஆனால் 0.31 வினாடி. விட்டம் நாற்பது சதம் கூடினாலே நேரம் இரண்டு மடங்கு. அதற்குள் துளி சுவரை எட்டிவிட்டால் ஈரமாகத்தான் ஒட்டும். நீங்கள் பார்த்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் இந்த எண்களை உங்கள் சேம்பருக்கு நேராகப் போடாதீர்கள். அங்கே லட்சக்கணக்கான துளிகள் ஒரே காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்கின்றன. 190 டிகிரி சீக்கிரமே இறங்கிவிடும், ஈரமும் கூடும், K குறைந்துகொண்டே வரும்.

பவுடர்_ஆபரேட்டர்
எங்கள் பால் தண்ணீர் இல்லை. 50 சதம் திடப்பொருள் உள்ள கான்சென்ட்ரேட்.

வெப்பக்கணக்கு
அப்படியானால் d² கதை பாதியிலேயே முடிந்துவிடும். திடப்பொருள் மட்டுமே மிஞ்சினாலும் விட்டம் முக்கால் பங்குக்குக் கீழே இறங்காது. அதற்கும் முன்பே தோல் கட்டிவிடும். தோல் கட்டியதும் தண்ணீர் அந்தத் தோலின் வழியாக வெளியே வர வேண்டும், தடை காற்றிலிருந்து துளிக்குள்ளே மாறிவிடும். விட்டம் நின்றுவிடும், துகளின் வெப்பநிலை 50-ஐ விட்டு ஏற ஆரம்பிக்கும். பால் புரதத்துக்குச் சேதம் வரும் கட்டம் அதுதான். நாசில் தேய்மானம் இரண்டு கட்டத்தையுமே நீட்டும்.

எரிபொருள்_ஆய்வு
இன்னொரு விஷயம் விட்டுப்போகிறது. மாணவியின் சுருக்க சூத்திரத்தில் ΔT நேராக இருக்கிறது. அதைப் பார்த்து 2,000 டிகிரி தீயில் பத்து மடங்கு வேகம் என்று யாரும் போடக்கூடாது. ஆவி வெளியே வீசிக்கொண்டே இருப்பதால் உள்ளே வரும் வெப்பத்தை அது தள்ளுகிறது. அதனால் முழு வடிவத்தில் ln(1+B) வருகிறது. B என்பது காற்று கொண்டுவரும் வெப்பத்துக்கும் ஆவியாக்கத் தேவைப்படும் வெப்பத்துக்கும் உள்ள விகிதம். இங்கே B என்பது 0.07 அளவு, வித்தியாசம் மூன்று நான்கு சதம்தான், கவலையில்லை. எரியும் ஹெப்டேன் துளிக்கு B பல மடங்கு பெரியது, அங்கே மடக்கை இல்லாமல் கணக்கு தவறிவிடும்.

இயற்கைச் சலனத்தை ஒழிக்க எங்கள் துறையில் துளியைச் சாதனத்தோடு சேர்த்துத் தடையின்றி விழவிடுவார்கள். ஜப்பானில் குமகாய் 1950-களிலேயே அப்படி எரியும் துளிகளைப் படம் பிடித்தார். உங்களிடம் அந்த வசதி இருக்காது. அதற்குப் பதில் வேறொன்று செய்யலாம். வெவ்வேறு ஆரம்ப விட்டத்தில் ஓட்டி, நெடு அச்சில் d²/d₀², கிடை அச்சில் t/d₀² போட்டுப் பாருங்கள். சுத்தமான d² விதியாக இருந்தால் எல்லா ஓட்டமும் ஒரே கோட்டில் விழும். சலனமோ கதிர்வீச்சோ கலந்திருந்தால் பெரிய துளியின் கோடு செங்குத்தாக விலகி நிற்கும். ஒரே ஓட்டத்தின் நேர்கோட்டை மட்டும் பார்த்து விதி பொருந்துகிறது என்று எழுதிவிடாதீர்கள். இது பல தீசிஸ்களில் நடக்கும் தவறு.

கோவை_மாணவி
நேற்று 0.8 மி.மீ. துளியில் ஓட்டினேன். ஸ்லோப் 0.0225. 1.2 மி.மீ. துளிக்கு 0.025 இருந்தது. இரண்டு கோடும் ஒன்றாக விழவில்லை, பெரிய துளியின் கோடுதான் செங்குத்து. நீங்கள் இருவரும் சொன்ன திசைதான். இரண்டு புள்ளியையும் இணைத்து விட்டம் பூஜ்யம் வரை நீட்டினால் 0.0175 வருகிறது. 0.016-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது!

வெப்பக்கணக்கு
நல்ல முன்னேற்றம். ஆனால் இரண்டு புள்ளி போதாது. சலனத்தின் பங்கு விட்டத்துக்கு நேர் விகிதத்தில் தேயாது, கடைசியில் இன்னும் வேகமாக விழும். 0.5 மி.மீ. அளவில் இன்னொரு ஓட்டம் வேண்டும்.

எரிபொருள்_ஆய்வு
0.5-க்குப் போனால் 0.25 மி.மீ. இழை துளியின் பாதி விட்டம் ஆகிவிடும். கண்ணாடி உலோகத்தைவிடப் பரவாயில்லை, ஆனால் அந்தத் தடிமனில் வெப்பத்தைக் கொண்டுவரத்தான் செய்யும். முதல் அட்டவணையில் கடைசி 10 வினாடியில் 0.21 குறைந்ததே, அதில் இழையின் பங்கு எவ்வளவு என்று எனக்குச் சந்தேகம். துளி அந்த நேரத்தில் இழை நெடுக நீண்டிருக்கும். அகலத்தை மட்டும் அளந்தீர்களா?

கோவை_மாணவி
ஆமாம் சார், அகலம் மட்டும்தான்.

எரிபொருள்_ஆய்வு
அப்படியானால் பழைய வீடியோக்களைத் திரும்ப அளக்க வேண்டும். அகலம் இரண்டு தடவை, உயரம் ஒரு தடவை பெருக்கி, கனமூலம் எடுங்கள். அதுதான் அதே கனஅளவுள்ள உருண்டையின் விட்டம். நீண்ட துளியில் அகலத்தை மட்டும் எடுத்தால் துளி சிறியதாகத் தெரியும், கடைசிக் கட்டத்தில் ஸ்லோப்பும் கெட்டுப்போகும். எதிர்ப்பக்கம், இழை உள்ளே அடைத்திருக்கும் கனஅளவையும் கழிக்க வேண்டும்.

பம்ப்_செட்
அப்படியானால் கடைசியில் வேகம் கூடியதாகத் தெரிந்ததில் அளவீட்டுக்கும் கொஞ்சம் பங்கு இருக்கலாம் அல்லவா? நான் முதலில் சொன்ன காரணம் தவறு, அதை ஒத்துக்கொள்கிறேன்.

வெப்பக்கணக்கு
இருக்கலாம் அண்ணா. இழையா, அளவீடா என்பதை இந்தத் தரவை வைத்து என்னால் பிரிக்க முடியவில்லை. 0.0175-க்கும் 0.016-க்கும் இடையிலான பத்து சதத்துக்கும் அதே நிலைதான். நான் இழையைச் சந்தேகிக்கிறேன்.

எரிபொருள்_ஆய்வு
நான் λ தேர்வையும் சேர்த்தே சந்தேகிக்கிறேன். மூன்றில் ஒரு பங்கு என்பது வழக்கம்தான், விதி இல்லை. இழையைச் சோதிப்பது சுலபம். 125 மைக்ரான் ஆப்டிகல் ஃபைபரின் மேலுறையை உரித்துவிட்டு அதில் அதே 0.8 மி.மீ. துளியைத் தொங்கவிடுங்கள். ஸ்லோப் 0.0225-லிருந்து இறங்கினால் இழைதான் குற்றவாளி.

கோவை_மாணவி
லேபில் ஃபைபர் துண்டுகள் இருக்கின்றன. நுனியை உருக்கிச் சின்ன மணி ஆக்கினால் துளி நழுவாமல் நிற்கும் என்று சீனியர் அக்கா சொன்னார். புதன்கிழமை ஃபர்னஸ் எனக்குக் கிடைக்கும். அகலம், உயரம் இரண்டையும் அளந்து இங்கேயே போடுகிறேன்.